சிங்கப்பூர் ஆப்பிள், கூகுள் கணக்கோடு சேலம் வந்தால்: நாட்டை மாற்றுவதா, அப்படியே விடுவதா, இரண்டாவது கணக்கு திறப்பதா?

சிங்கப்பூர், துபாய், மஸ்கட் என்று பல வருடம் இருந்துவிட்டுச் சேலத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு முதல் வாரமே வந்து நிற்கும் சிக்கல் இது. ஐந்து ரோடு பக்கம் ஒரு வங்கியில் கணக்கு திறந்திருப்பார்கள். அந்த வங்கியின் செயலியை ஐஃபோனில் தேடினால் கிடைக்காது. வங்கிக்காரர் அனுப்பிய இணைப்பைத் தட்டினால், உங்கள் நாட்டில் இது இல்லை என்று திரையில் வரும். ஆள் இருப்பது சேலத்தில், சிம் இந்திய சிம், வைஃபையும் வீட்டு வைஃபை. இருந்தும் ஆப் ஸ்டோர் சிங்கப்பூர் கடையாகவே திறக்கிறது.

ஃபோன் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக் கடை திறப்பதில்லை. நம் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் எந்த நாடு பதிவாகியிருக்கிறது, அதோடு எந்த நாட்டுக் கட்டண முறை சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் திறக்கிறது. ஆப்பிளிலும் கூகுளிலும் அடிப்படை இதுதான். அதனால் முடிவை நாம்தான் எடுக்க வேண்டும். வழிகள் மூன்று: பழைய நாட்டிலேயே விட்டுவிடலாம், கணக்கின் நாட்டை இந்தியாவுக்கு மாற்றலாம், அல்லது இந்தியாவுக்கென்று தனியாக இன்னொரு கணக்கு திறக்கலாம்.

படம் பார்க்கும் தளங்கள் இந்தக் கணக்கில் வராது. அவற்றில் பல, நாம் இருக்கும் ஊரைப் பார்த்தே படங்களைக் காட்டும். அவற்றின் விதிகளே வேறு என்பதால், இங்கே ஃபோனின் கடைக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் பார்க்க வேண்டியது பணம். எந்த நாணயத்தில் பிடிப்பார்கள் என்பதோடு, எந்தக் கார்டிலிருந்து, எந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்துப் பிடிப்பார்கள் என்பதும் இதில் அடங்கும். ஒரு நாட்டுக் கணக்கில் இன்னொரு நாட்டு வங்கிக் கார்டைப் பெரும்பாலும் போட முடியாது என்பதைப் பலர் வந்த பிறகுதான் அறிகிறார்கள்.

இரண்டாவது, கடையில் உள்ள சரக்கு. புதிதாக என்ன கிடைக்கும் என்பது ஒரு பக்கம். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய செயலி, படம், புத்தகம் என்னவாகும் என்பது மறுபக்கம். இழப்பு வருவது பெரும்பாலும் மறுபக்கத்தில்தான்.

மூன்றாவது, குடும்பக் குழு. வீட்டில் நான்கு பேர் ஒரே குழுவில் இருந்தால், ஒருவர் எடுக்கும் முடிவு மற்ற மூவரையும் தொடும்.

நான்காவது, திரும்பி வர முடியுமா என்பது. இதில் இரண்டு நிறுவனங்களும் ரொம்பவே வேறுபடுகின்றன.

| | அப்படியே விடுவது | நாட்டை மாற்றுவது | இரண்டாவது கணக்கு |
|---|---|---|---|
| நாணயம் | பழைய நாட்டு நாணயம் | ரூபாய் | இரண்டும், தனித்தனியாக |
| கட்டண முறை | வெளிநாட்டுக் கார்டும் அதன் ஓடிபி எண்ணும் உயிரோடு வேண்டும் | யுபிஐ அல்லது இந்திய வங்கி | இலவசச் செயலிக்கு எதுவும் வேண்டாம் |
| உள்ளூர்ச் செயலிகள் | பல கிடைக்காது | கிடைக்கும் | கிடைக்கும் |
| பழைய வாங்கல்கள் | அப்படியே இருக்கும் | சில மறைந்துபோகும் | அப்படியே இருக்கும் |
| குடும்பக் குழு | தொடரும் | குழுவிலிருந்து விலக வேண்டி வரலாம் | பாதிப்பில்லை |
| திரும்புதல் | கேள்வியே இல்லை | கூகுளில் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் | எப்போது வேண்டுமானாலும் |

## அப்படியே விட்டுவிடுவது

எந்த வேலையும் வைக்காத வழி என்பதால் முதலில் எல்லோரும் இதில்தான் இருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் மறுபடி சிங்கப்பூர் போகப்போகிறவருக்கு இதுவே சரி. காசு கட்டிய வருடச் சந்தா இன்னும் பல மாதம் பாக்கி இருந்தாலும் கொஞ்ச நாள் இதில் இருக்கலாம்.

செலவு மறைந்திருப்பது கார்டில். மாதச் சந்தா ஓட வேண்டுமானால் சிங்கப்பூர் வங்கிக் கணக்கை மூடக்கூடாது. கார்டின் காலாவதி வந்தால் புதுக் கார்டு பழைய வீட்டு முகவரிக்குப் போகும். பணம் கட்டும்போது வரும் ஓடிபி அந்த ஊர் எண்ணுக்கு வரும் என்பதால் அந்த சிம்மையும் ரோமிங்கில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மாதம் சில டாலர் சந்தாவுக்காக ஒரு வங்கிக் கணக்கையும் ஒரு சிம்மையும் சுமக்கிறோம். இதோடு வரிக் கணக்கும் சேர்கிறது. ஊர் திரும்பியவர் கொஞ்ச காலம் கழித்து வருமான வரிச் சட்டத்தின்படி முழுமையான உள்நாட்டுவாசி ஆகிவிடுவார். அப்போது வெளிநாட்டில் உள்ள வங்கிக் கணக்கை, அதில் பத்து டாலர்தான் இருந்தாலும், வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும். கணக்கு வைத்திருப்பது தப்பில்லை. வெளிநாட்டில் இருந்தபோது திறந்ததைத் தொடர அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா அனுமதிக்கிறது. காட்டாமல் விட்டால்தான் சிக்கல்.

கார்டு போனால் என்ன, அந்த நாட்டுக் கிஃப்ட் கார்டு வாங்கி ஏற்றிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். ஏற்றலாம், வேலையும் செய்யும். ஆனால் அந்த நாட்டுக் கிஃப்ட் கார்டு அந்த நாட்டுக் கணக்கில் மட்டும்தான் ஏறும். ஆப்பிள் கணக்கில் இருப்புத் தொகை பாக்கி இருக்கும்வரை நாட்டை மாற்றவும் விடாது. இன்றைய சந்தாவுக்காக ஐம்பது டாலர் ஏற்றினால், நாளைக்கு மாற நினைக்கும்போது அந்த ஐம்பதே வழியை அடைத்து நிற்கும். மாறப்போவது உறுதியென்றால் இருப்பில் ஒரு காசும் புதிதாக ஏற்றாதீர்கள்.

ஏற்கெனவே ஃபோனில் இருக்கும் செயலிகள் நாடு எதுவானாலும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அவசரம் தெரியாது. புதுச் செயலி தேவைப்படும் நாளில்தான் இடிக்கும்.

## நாட்டை மாற்றுவது

நிரந்தரமாகக் குடிவந்தவருக்குக் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். எப்போது, எந்த வரிசையில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஆப்பிளில் போகும் பாதை: Settings, அதில் மேலே உங்கள் பெயர், பிறகு Media & Purchases, View Account, Country/Region. அங்கே Change Country or Region என்பதைத் தட்டி, இந்தியாவைத் தேர்ந்து, விதிமுறைகளை ஏற்று, இந்திய முகவரியும் கட்டண முறையும் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சில விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும்.

இருப்புத் தொகை பூஜ்யமாக வேண்டும். அதைத் தீர்க்க நல்ல வழி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சந்தாவே அதைச் சாப்பிடும்படி விடுவது. பணம் பிடிக்கும்போது இருப்பில் உள்ளது முதலில் கழியும், போதாத மிச்சம் கார்டிலிருந்து போகும். ஆகவே இருப்பைவிடச் சந்தாத் தொகை அதிகமாக உள்ள ஒரு மாதத்தில் இருப்பு தானாகவே பூஜ்யமாகிவிடும். செயலியாக வாங்கித் தீர்க்கப் பார்த்தால் எப்போதும் சில காசு மிஞ்சும், அந்தக் காசுக்கு வாங்க எதுவும் இருக்காது. அப்படி மாட்டிக்கொண்டால் ஆப்பிள் சப்போர்ட்டிடம் பேசித்தான் அதை நீக்க வேண்டும்.

சந்தாக்களை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தினால் மட்டும் போதாது, காசு கட்டிய காலமும் முடிந்திருக்க வேண்டும். நிறுத்துவதை இன்றே செய்யலாம். நிறுத்தினாலும் கட்டிய காலம்வரை பெரும்பாலான சந்தாக்கள் ஓடும். முன்பதிவு, பாதியில் நிற்கும் பணத்திரும்பல், வாடகைக்கு எடுத்த படம் இவையும் முடிந்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகக் கார்டு கொடுத்து எடுத்த சந்தா இந்தப் பட்டியலில் வராது. Settings-ல் Subscriptions என்ற பகுதியில் தெரிவது மட்டுமே கணக்கு.

ஐகிளவுட் இடத்துக்குக் காசு கட்டுகிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அந்தச் சந்தாவை நிறுத்தினால், காலம் முடிந்ததும் இடம் 5 ஜிபிக்கு இறங்கிவிடும். 40 ஜிபி புகைப்படம் வைத்திருப்பவருக்கு அன்றோடு புதுப் படங்கள் மேலே ஏறுவது நிற்கும், பேக்கப் நிற்கும், ஐகிளவுட் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கு வரும் கடிதங்களும் நிற்கும். அதனால் அதற்கு முன்பே படங்களை ஒரு கணினிக்கோ வெளி ஹார்ட் டிஸ்குக்கோ முழுதாக எடுத்து வைத்துவிட்டு, நாடு மாறிய அன்றே ரூபாயில் மறுபடி இடம் எடுத்துவிடுங்கள்.

வாங்கிய பொருள்களுக்கு வருவோம். இந்தியக் கடையிலும் அந்தச் செயலி இருந்தால் பெரும்பாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் வாங்கிய பட்டியலிலேயே தெரியாது. ஃபோனில் இருக்கும் பிரதி ஓடும், ஆனால் புதுப்பிப்பு வராது. இன்னும் ஒரு வருடம் கழித்து ஃபோனை மாற்றும்போதுதான் அது போனது தெரியும். காசு கொடுத்து வாங்கிய படங்களும் புத்தகங்களும் இதே கதிதான். மாற்றுவதற்கு முன் எதெல்லாம் தேவையோ அதையெல்லாம் சாதனத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இது வைஃபை நன்றாக உள்ள இடத்தில் செய்ய வேண்டிய வேலை. ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் வீடு எடுத்திருப்பவர்கள், கீழே சேலத்தில் உறவினர் வீட்டு பிராட்பேண்டில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து முடித்துவிடுவது உத்தமம்.

முகவரிப் பக்கத்தில் ஒரு சின்னத் தவறு அடிக்கடி நடக்கிறது. சிங்கப்பூர் அஞ்சல் குறியீடும் ஆறு இலக்கம், நம் பின்கோடும் ஆறு இலக்கம். பழையது அப்படியே கட்டத்தில் இருந்தால் பார்வைக்குச் சரியாகவே தெரியும். 636 என்று தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். தொலைபேசிக் கட்டத்தில் சிங்கப்பூரின் எட்டு இலக்க எண் மிஞ்சியிருந்தாலும் பத்து இலக்க இந்திய எண்ணாக மாற்றுங்கள்.

கட்டண முறைக்கு யுபிஐதான் இங்கே நம்பகமான வழி. தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி 2021 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 2022-இல் இந்தியக் கணக்குகளில் கார்டு ஏற்பதை ஆப்பிள் நிறுத்தியது. யுபிஐ, நெட்பேங்கிங், கணக்கு இருப்பு என்ற வழிகள் தொடர்ந்தன. யுபிஐ முகவரியைக் கொடுத்தால் உங்கள் யுபிஐ செயலிக்கு அனுமதி கேட்டுச் செய்தி வரும், அங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பிறகு 15,000 ரூபாய்க்கு உட்பட்ட மாதச் சந்தாக்கள் பின் எண் கேட்காமல் போகும். ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அறிவிப்பு வரும்.

எந்த வங்கிக் கணக்கின் யுபிஐ என்பதையும் யோசிக்க வேண்டும். சிங்கப்பூர், அமீரகம், ஓமன் உள்ளிட்ட பத்து நாட்டு எண்களோடு, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குகளில் யுபிஐ வைத்துக்கொள்ள 2023-இல் வழி வந்தது. அதனால் பலர் வரும்போதே யுபிஐயோடு வருகிறார்கள். ஆனால் நிரந்தரமாகத் திரும்பியவர் என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றியாக வேண்டும், எண்ணையும் மாற்றுவார். அந்தக் கணக்கில் சந்தாவைக் கட்டி வைத்தால் இடையில் அறுந்துபோக வாய்ப்புண்டு. உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கு கைக்கு வந்து, அதில் இந்திய எண் பதிவான பிறகு சந்தாக்களை ஏற்றுவது நல்லது.

கூகுளில் பாதை வேறு. பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தட்டி Settings, General, Account and device preferences, அதில் Country and profiles. இந்தியாவைத் தேர்ந்து ஓர் இந்தியக் கட்டண முறையைச் சேர்த்தால் முடிந்தது. கடை முழுதாக மாற 48 மணி நேரம்வரை ஆகலாம். பழைய நாட்டு இருப்பைத் தீர்த்தால்தான் விடுவேன் என்ற பிடிவாதம் இங்கே இல்லை. ஆனால் அந்தப் பணம் இந்தியாவில் செல்லாது. அது பழைய நாட்டுப் பதிவோடு அங்கேயே தூங்கும். தீர்த்துவிட்டு வருவதே மேல்.

கூகுளின் கடுமை வேறு இடத்தில் இருக்கிறது: வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். இன்று மாற்றினால் பன்னிரண்டு மாதம் திரும்ப வழியில்லை. வேலை இன்னும் உறுதியாகாதவர்கள், ஆறு மாதம் பார்த்துவிட்டு மறுபடி போகலாம் என்று இருப்பவர்கள், இந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

பலருக்கு இந்தியாவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே அந்தப் பக்கத்தில் தெரிவதில்லை. நீங்கள் இந்தியாவில் இருப்பதாகக் கூகுளுக்குத் தெரிய வேண்டும், அதை இணைய முகவரியை வைத்துத்தான் அது அறிகிறது. இணைய முகவரியை வேறு நாடாகக் காட்டும் விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். விபிஎன் இல்லாமலும் இது நடக்கும்: சிங்கப்பூர் சிம்மை ரோமிங்கில் வைத்து அதன் டேட்டாவில் பார்த்தால், ரோமிங் டேட்டா வழக்கமாக அந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகவே போய் வரும். ஃபோன் இருப்பது அஸ்தம்பட்டியில், இணைய முகவரி சிங்கப்பூரில். வீட்டு வைஃபைக்கு மாறிவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஆண்ட்ராய்டில் ஓடும் பழைய சந்தாக்களை, மாறிய பிறகு Payments & subscriptions பக்கத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எது எந்தக் கார்டில், எந்த நாணயத்தில் போகிறது என்று அங்கே தெரியும். வேண்டியதை நிறுத்திவிட்டு ரூபாயில் புதிதாக எடுப்பதுதான் குழப்பமில்லாத வழி. ரூபாயில் காட்டும் விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தே இருக்கும்.

## இரண்டாவது கணக்கு

ஆண்ட்ராய்டில் இது மிக எளிது. ஒரே ஃபோனில் இரண்டு கூகுள் கணக்கைச் சேர்த்துக்கொண்டு, பிளே ஸ்டோரில் படத்தைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். புதுக் கணக்கை இந்தியாவில் திறந்து அதில் உள்ளூர்ச் செயலிகளை இறக்கிக்கொண்டால் பழைய கணக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு, குறிப்பாக முதல் வருடத்தில், எங்கள் பரிந்துரை இதுதான்.

ஐஃபோனிலும் முடியும், ஆனால் எங்கே வெளியேறுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஐகிளவுடிலிருந்து வெளியேறக் கூடாது. Settings-ல் பெயரைத் தட்டி, Media & Purchases-ஐத் தட்டி, Sign Out என்று அங்கே மட்டும் வெளியேற வேண்டும். படங்களும் தொடர்புகளும் பழைய கணக்கிலேயே இருக்கும். பிறகு ஆப் ஸ்டோரில், இந்திய எண்ணும் இதுவரை ஆப்பிளில் பயன்படுத்தாத மின்னஞ்சலும் கொடுத்துத் திறந்த புதுக் கணக்கில் நுழைந்து, நாடு இந்தியா, கட்டண முறை None என்று வைத்து வங்கிச் செயலியை இறக்கலாம். இறக்கி முடித்ததும் பழைய கணக்குக்கே திரும்பிவிடலாம். செயலி ஃபோனிலேயே இருக்கும். பின்னாளில் அதற்குப் புதுப்பிப்பு வரும்போது இந்தியக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு இடறல் உண்டு. புதுக் கணக்கில் இருக்கும்போது தானியங்கி இறக்கத்தை இயக்கினாலோ, ஆப்பிள் மியூசிக் எடுத்தாலோ அந்த ஃபோன் புதுக் கணக்கோடு கட்டப்பட்டுவிடும். பிறகு 90 நாள் வேறு கணக்கோடு அதைச் சேர்க்க முடியாது. இலவசச் செயலியை இறக்கினோமா, வெளியே வந்தோமா என்று இருக்க வேண்டும். இன்னொன்று, வெளியேறி நுழையும்போது ஆப்பிள் மியூசிக்கில் இறக்கி வைத்திருந்த பாடல்கள் ஃபோனிலிருந்து போய்விடும், மறுபடி இறக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: இந்த இரண்டாவது கணக்கில் காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். ஒரு கணக்கின் வாங்கல்களை இன்னொன்றுக்கு நகர்த்தும் வசதியை ஆப்பிள் 2025-இல் கொண்டுவந்தபோது, இந்தியாவுக்கு அதைத் தரவில்லை. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும்கூட இல்லை. இரண்டு கணக்கிலும் வாங்கல் சேர்ந்தால் இரண்டையும் காலத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதை ஆற்றைக் கடக்கப் போட்ட பலகையாக மட்டும் வைத்துக்கொண்டால் மிகப் பயனுள்ளது.

## ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து அழகாபுரத்துக்குத் திரும்பிய குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஆப்பிள் குடும்பக் குழுவின் தலைவர். மனைவிக்கு ஐஃபோன், பத்து வயது மகனுக்கு ஐபேட். கணவரின் கணக்கில் 6.40 சிங்கப்பூர் டாலர் இருப்பு. குடும்ப ஆப்பிள் மியூசிக் மாதாமாதம் 18-ஆம் தேதி புதுப்பிக்கும். மகன் படம் வரையும் செயலிக்கு வருடச் சந்தா கட்டியது நவம்பர் 25 வரை இருக்கிறது.

ஜூனிலேயே மாற்றப் பார்த்தால் மூன்று இடத்தில் முட்டும்: இருப்பு, வருடச் சந்தா, குடும்பக் குழு. வருடச் சந்தாவுக்கு reportaproblem.apple.com வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் பல மாதம் பயன்படுத்திய சந்தாவுக்குக் கிடைக்கும் என்று நம்பி எதையும் திட்டமிட முடியாது. எனவே மாற்றும் தேதியை நவம்பர் 26 என்று இப்போதே குறித்துக்கொள்வது நல்லது. அதுவரை கணவருக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு இந்தியக் கணக்கு, இலவசச் செயலிகளுக்கு மட்டும்.

மனைவியின் கணக்கில் வாங்கியது ஒன்றுமில்லை, அவரை மட்டும் இப்போதே இந்தியாவுக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்ற அவர் குழுவிலிருந்து விலக வேண்டும். ஒரே குழுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் நாடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் நவம்பர்வரை திரும்பச் சேர முடியாது. குடும்பக் குழு மாறுவதையும் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஆப்பிள் அனுமதிப்பதில்லை. அந்த ஒரு வாய்ப்பை ஜூனில் செலவழிக்காமல், எல்லோரும் சேர்ந்து மாறும் நாளுக்கு வைத்துக்கொள்வதே சரி.

ஜூன் 18-இல் மியூசிக் சந்தா வரும்போது 6.40 டாலர் முழுதாகக் கழிந்து, மிச்சம் சிங்கப்பூர்க் கார்டில் போகும். இருப்பு பூஜ்யம். வருடச் சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை ஜூனிலேயே அணைத்துவிட வேண்டும். நவம்பர் கடைசியில் நினைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், 25-ஆம் தேதி இன்னொரு வருடத்துக்குப் பணம் போய்விடும், திட்டமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். மியூசிக் சந்தாவை அக்டோபர் 18-க்குப் பிறகு நிறுத்தினால் நவம்பர் 18-ஆம் தேதியோடு முடியும். சிங்கப்பூர் வங்கிக் கணக்கையும் சிம்மையும் அதுவரை மூடக்கூடாது.

மகனின் கணக்குக்குத் தனிக் கவனம் வேண்டும். பொதுவாக 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் குழுவிலிருந்து நீக்க முடியாது. இன்னொரு குழுவுக்கு நகர்த்தத்தான் முடியும், அந்தக் குழுவும் அதே நாடாக இருக்க வேண்டும். இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் முடிச்சைத் திரையில் தேடி அவிழ்க்க முடியாது. நவம்பர் முதல் வாரத்திலேயே ஆப்பிள் சப்போர்ட்டைக் கூப்பிட்டு, குழுவில் குழந்தைக் கணக்கு இருக்கிறது, எல்லோரும் இந்தியாவுக்கு மாறுகிறோம் என்று சொல்லி, அவர்கள் சொல்லும் வரிசையில் செய்வதுதான் வழி.

நவம்பர் 26 அன்று நாட்டை மாற்றி, யுபிஐயைச் சேர்த்து, மியூசிக்கை அன்றே ரூபாயில் எடுக்க வேண்டும். மியூசிக் சந்தா முடிந்து நாள் கடந்தால் சேர்த்து வைத்த பாடல் பட்டியல்கள் அழிந்துபோகலாம் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. சில பாடல்கள் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அவை இந்தியக் கடையில் இல்லை என்று பொருள். அதே பாடல் வேறு ஆல்பத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

## இங்கிருந்து போகிறவர்களுக்கு

சேலத்திலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ இரண்டு வருடப் படிப்புக்கு ஜெர்மனி போகிற பிள்ளைகளுக்குக் கணக்கு தலைகீழ். அவர்களுக்கு இந்தியக் கணக்கை அப்படியே விடுவதே நல்லது. அப்பா அம்மாவோடு குடும்பக் குழு தொடரும், இந்திய வங்கிச் செயலி புதுப்பிப்பு பெறும், யுபிஐ சந்தாக்கள் ஓடும். அங்கே வங்கி, பேருந்துச் செயலிகள் மட்டும் இந்தியக் கடையில் இல்லையென்றால் இரண்டாவது கணக்கில் இறக்கிக்கொள்ளலாம். படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்தால் அப்போது நாட்டை மாற்றலாம். அதுவரை இந்திய சிம்மை மட்டும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ரீசார்ஜ் தேதி தவறி எண் போய்விட்டால் யுபிஐயும் சந்தாவும் சேர்ந்தே நின்றுவிடும். அந்தத் தேதியை ஊரில் இருப்பவர் ஒருவரின் நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள்.